ஆராய்ச்சிச் செலவு எந்தத் தேதியில் சொத்தாகிறது?

கேள்வி: தொழிற்சாலை மோட்டார்களின் அதிர்வை அளந்து, பேரிங் தேய்வதை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றை எங்கள் நிறுவனம் உருவாக்கிவருகிறது. அங்கே கணக்குப் பிரிவை நான் கவனிக்கிறேன். இந்தத் திட்டத்துக்குச் சென்ற ஆண்டு 64 லட்சம் ஆனது, அதைச் செலவாகவே எழுதிவிட்டோம். இந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை 190 லட்சம். ஜூனில் மூன்று வாடிக்கையாளர்கள் வாங்கத் தயார் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜூலை 31-ல் மாதிரிக் கருவி ஆய்வுக்கூடச் சோதனையில் தேறியது. செப்டம்பர் 20-ல் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. செப்டம்பர் 30-ல் கடன் தரத் தயார் என்று வங்கி கடிதம் கொடுத்தது. பணம் வந்தது நவம்பர் 12-ல். கருவிதான் வெற்றிபெற்றுவிட்டதே, இரண்டு ஆண்டுச் செலவு 254 லட்சத்தையும் சொத்தாகக் காட்டு என்கிறார் எம்.டி. கடன் பணம் வந்த நாளிலிருந்துதான் ஒப்புக்கொள்வேன் என்கிறார் ஆடிட்டர். நாங்கள் சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றுகிறோம். செலவுப் பட்டியல், சோதனைக் குறிப்பேடு, திட்ட அறிக்கை, வங்கிக் கடிதம் ஆகியவற்றின் நகல்களையும் விவரக் குறிப்பு ஒன்றையும் இணைத்திருக்கிறேன். எந்தத் தொகையைக் காட்டுவது?

பதில்: விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய தாள்களை வைத்துப் பார்த்தால், அக்டோபர் 1 முதல் ஆன செலவில் 56 லட்சத்தைப் புலனாகாச் சொத்தாகக் காட்ட வேண்டும். மீதி 134 லட்சம் இந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். சென்ற ஆண்டின் 64 லட்சத்தைத் தொடவே கூடாது. எம்.டி. கேட்பது மிக அதிகம். ஆடிட்டர் தருவது கொஞ்சம் குறைவு.

உங்களுக்கான விதி சர்வதேசக் கணக்கியல் தரநிலை 38. ஒரு திட்டத்தை ஆராய்ச்சிக் கட்டம், மேம்பாட்டுக் கட்டம் என்று அது இரண்டாகப் பிரிக்கிறது. புதிய அறிவைத் தேடுவதும், பல வழிகளை ஒப்பிட்டு எது சரிப்படும் என்று பார்ப்பதும் ஆராய்ச்சி. அந்தச் செலவு எவ்வளவு பெரியதானாலும், பின்னால் எவ்வளவு பலன் தந்தாலும், ஆன காலத்திலேயே செலவு. கண்டுபிடித்ததை வைத்து ஒரு குறிப்பிட்ட பொருளை வடிவமைத்து, செய்து, சோதிப்பது மேம்பாடு. இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாவிட்டால் எல்லாமே ஆராய்ச்சி என்று கொள்ள வேண்டும். பிரித்துக் காட்டும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் விழுகிறது.

பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். மேம்பாட்டுக் கட்டம் தொடங்கிய நாளே சொத்தும் தொடங்குகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். மேம்பாட்டுக்குள் வந்த பிறகும் ஆறு நிபந்தனைகளை நிறுவனம் நிரூபிக்க வேண்டும். பொருளைச் செய்து முடிப்பது தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமா, முடிக்கும் எண்ணம் உண்டா, அதைப் பயன்படுத்தவோ விற்கவோ முடியுமா, அது எப்படி வருமானம் தரும், முடிப்பதற்கான ஆளும் பணமும் மற்ற வசதிகளும் இருக்கின்றனவா, அதற்காகும் செலவை நம்பகமாக அளக்க முடிகிறதா. ஐந்து நிறைவேறி ஒன்று பாக்கியிருந்தாலும் சொத்து இல்லை. கடைசி நிபந்தனை எந்த நாளில் நிறைவேறுகிறதோ அந்த நாள்தான் கோடு. கோட்டுக்கு முந்தைய செலவு, அது மேம்பாட்டுச் செலவாகவே இருந்தாலும், செலவுதான்.

ஆகவே உங்கள் வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆறாவது கதவு எந்த நாளில் திறந்தது?

எளிதானவற்றை முதலில் முடித்துவிடுவோம். விற்கும் திறன் உங்களுக்கு முன்பே இருக்கிறது; இதே வாடிக்கையாளர்களுக்கு வேறு கருவிகளை விற்றுக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தை உண்டு என்பதற்கு ஜூன் மாதக் கடிதங்கள் நல்ல சான்று. ஆனால் அந்தக் கடிதங்களோடு மட்டும் நிற்க வேண்டாம். பலன் எவ்வளவு என்பதை மதிப்பிறக்கம் பற்றிய தரநிலை 36-ன் முறைப்படி எடைபோட வேண்டும் என்று தரநிலை 38 சொல்கிறது. எதிர்பார்க்கும் பணவரவைக் கணக்கிட்டு, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த ஒரு தாள் கோப்பில் இருக்க வேண்டும். இயக்குநர் குழுவுக்கு வைத்த திட்ட அறிக்கையில் அது இருப்பதால் உங்களுக்குக் கவலையில்லை. செலவை அளப்பதற்கு, பொறியாளர்கள் திட்டவாரியாக எழுதும் நேரப் பதிவேடு மே மாதத்திலிருந்து இருக்கிறது. போதும்.

தொழில்நுட்பச் சாத்தியம்தான் சுவாரசியமான இடம். ஜூலை 31 என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சோதனைக் குறிப்பேட்டையும் படித்தேன். ஆய்வுக்கூட மேசையில் கருவி தேறியது உண்மை. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அதே கருவியை ஓடும் மோட்டார் மேல் பொருத்தியபோது, சூடு ஏற ஏற அளவீடு நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. “உறையை மாற்றிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் உணரியையே மாற்ற வேண்டும்” என்று உங்கள் பொறியாளர் ஆகஸ்ட் 14-ல் கையால் எழுதியிருக்கிறார். புது உறையோடு சூட்டுச் சோதனை தேறியது செப்டம்பர் 10-ல். உணரியையே மாற்ற வேண்டியிருக்குமோ என்ற சந்தேகம் நிற்கும்வரை, முடிப்பது சாத்தியம் என்று யாரும் நிரூபித்ததாகச் சொல்ல முடியாது. எனவே இந்த நிபந்தனைக்கு என் தேதி செப்டம்பர் 10.

உங்கள் கருவி ஓட வேண்டிய இடம் சூடான மோட்டார். மேசைமேல் ஓடியது அந்த இடத்தில் ஓடுவதற்குச் சான்றாகாது. எல்லாத் துறையிலும் இப்படி ஒரு ‘உண்மையான தடை’ உண்டு, அதைத் தாண்டினால்தான் சாத்தியம் நிரூபணமாகும். மருந்து நிறுவனங்கள் பொதுவாக ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி கிடைக்கும் வரையோ, அது ஏறக்குறைய உறுதியாகும் வரையோ எல்லாவற்றையும் செலவாகவே எழுதுவது இதனால்தான். கடைசிக் கட்டப் பரிசோதனையிலும் ஒரு மருந்து தோற்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். கார் நிறுவனங்கள் அதைவிட முன்பே சொத்தாக்கத் தொடங்குகின்றன. ஒரு புது மாடலுக்கான வடிவம் முடிவாகி ஒப்புதலும் கிடைத்த பிறகு அது சாலைக்கு வராமல் போவது அரிது. விதி ஒன்றுதான். தடை நிற்கும் இடம் துறைக்குத் துறை மாறுகிறது.

அடுத்தது முடிக்கும் எண்ணம். இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும் என்று தரநிலையில் எங்கும் எழுதியில்லை. ஆனால் உங்கள் நிறுவனத்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டத்துக்குக் குழுவின் ஒப்புதல் கட்டாயம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் செப்டம்பர் 20-க்கு முன்னால் முடிப்பதாக நிறுவனம் முடிவெடுத்தது என்று சொல்ல வழியில்லை. எம்.டி.யின் மனதில் ஆரம்பத்திலிருந்தே உறுதி இருந்திருக்கலாம். அவர் மனம் ஆவணமாகாது.

கடைசியில் பணம். உங்கள் ஆடிட்டரோடு நான் வேறுபடும் இடம் இதுதான். முடிக்கத் தேவையான வசதி ‘இருக்கிறது’ என்று காட்ட, பணம் வங்கிக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தேவையான ஆள், கருவி, நிதி ஆகியவற்றையும், அவற்றைப் பெறும் திறனையும் காட்டும் தொழில் திட்டம் ஒன்று இருந்தால் போதும். வெளியாரிடமிருந்து நிதி வருவதாயின், அந்தத் திட்டத்துக்குப் பணம் தரக் கடன் கொடுப்பவர் விருப்பம் தெரிவித்ததையே சான்றாகக் கொள்ளலாம் என்று தரநிலையே உதாரணம் காட்டுகிறது. உங்கள் வங்கியின் செப்டம்பர் 30 கடிதத்தைப் பார்த்தேன். திட்டத்தின் பெயர், தொகை, காலம் மூன்றும் அதில் இருக்கின்றன. வெறும் மரியாதைக் கடிதமாக அது தெரியவில்லை. நவம்பர் 12 வரை இருந்த தாமதம் அடமான ஆவணங்களைப் பதிவுசெய்த தாமதம் மட்டுமே என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஆடிட்டரிடம் பேசும்போது இந்தப் பகுதியை எடுத்துக் காட்டுங்கள், 61-வது பத்தி. அவருக்கு நியாயமான ஒரு மறுப்பு இருக்கக்கூடும். வங்கிக் கடிதத்தில் ஏதேனும் பெரிய நிபந்தனை, உதாரணமாகப் புதிய பங்கு முதலீடு வந்தால்தான் கடன் என்பது போல ஒன்று இருந்து, அது நவம்பரில்தான் நிறைவேறியது என்றால் அவர் சொல்வதே சரி. உங்கள் நகலில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ஆக, ஜூன், செப்டம்பர் 10, செப்டம்பர் 20, செப்டம்பர் 30. கடைசித் தேதி செப்டம்பர் 30. அக்டோபர் 1 முதல் எண்ணத் தொடங்கலாம்.

இப்போது தொகைக்கு வருவோம். உங்கள் பட்டியல்படி ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்று விதமான உணரி முறைகளை ஒப்பிட்டதற்கு 38 லட்சம். இது கலப்படமில்லாத ஆராய்ச்சி. மே முதல் ஜூலை வரை மாதிரிக் கருவியைச் செய்து சோதிக்க 42 லட்சம், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் 30 லட்சம். இவை மேம்பாட்டுக் கட்டத்தில் ஆனவைதான், ஆனால் கோட்டுக்கு முன்னால் ஆனவை. மூன்றும் சேர்த்து 110 லட்சம், அப்படியே செலவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆனது 80 லட்சம்.

இந்த 80-ம் முழுசாகச் சொத்துக்குள் போகாது. பொருளை உருவாக்கி, நிர்வாகம் நினைத்தபடி இயங்கும் நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆன செலவு மட்டுமே உள்ளே வரும். பொறியாளர் சம்பளம் 26, உதிரிபாகமும் மூலப்பொருளும் 10, வெளிச் சோதனைக்கூடக் கட்டணம் 14, காப்புரிமைப் பதிவுக் கட்டணம் 4, இந்த வேலைக்குப் பயன்பட்ட ஆய்வுக்கூட இயந்திரத்தின் மூன்று மாதத் தேய்மானம் 2. கூட்டினால் 56.

வெளியே நிற்பவை நான்கு. கருவியை இயக்கப் பணியாளர்களுக்குக் கொடுத்த பயிற்சி 5 லட்சம். பயிற்சிச் செலவைத் தரநிலை பெயர் சொல்லியே விலக்குகிறது. அறிமுக விளம்பரத்துக்கு முன்கூட்டியே ஆன 7 லட்சம் விற்பனைச் செலவு. தலைமை அலுவலகச் செலவில் திட்டத்தின் ‘பங்கு’ என்று பிரித்துப் போட்ட 9 லட்சம் பொது நிர்வாகச் செலவு. திட்டம் இல்லாவிட்டாலும் அந்த வாடகையும் வரவேற்பாளர் சம்பளமும் இருந்திருக்கும். நான்காவது, தவறான வரைபடத்தை அனுப்பியதால் குப்பைக்குப் போன 3 லட்சம் பெறுமான மின்சுற்றுப் பலகைகள். சோதனையில் பலகை எரிவது மேம்பாட்டின் இயல்பு, அதை உள்ளே சேர்க்கலாம். பழைய வரைபடத்தை யாரோ மின்னஞ்சலில் அனுப்பிவிட்டது தனியாக அடையாளம் காணத்தக்க திறமையின்மை. தரநிலை அதைச் சொத்தின் அடக்கத்தில் சேர்க்க விடுவதில்லை. ஆக 24 லட்சம் வெளியே.

110-ம் 24-ம் சேர்ந்து 134. சொத்து 56. கூட்டினால் 190, உங்கள் பட்டியலோடு ஒத்துப்போகிறது. ஆடிட்டர் சொல்லும் நவம்பர் 12-ஐ எடுத்தால், அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் ஆன தகுதியான செலவு 24 லட்சமும் கழிந்து சொத்து 32 லட்சமாகச் சுருங்கும். பேச்சுவார்த்தையில் இருக்கும் உண்மையான வித்தியாசம் அவ்வளவுதான். (இரண்டு 24-களும் வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆய்வுக்கூட இயந்திரம் பற்றி ஒரு வார்த்தை. அந்த இயந்திரத்தின் விலையை யாரோ திட்டச் செலவில் சேர்க்கப் பார்த்ததாக உங்கள் குறிப்பில் தெரிகிறது. அது கண்ணால் பார்க்கக்கூடிய நிலைச்சொத்து, தன் சொந்தப் பெயரில் ஐந்தொகையில் இருக்க வேண்டும். அதன் தேய்மானம் மட்டும் திட்டத்துக்குப் போகும். அந்தத் தேய்மானம்கூட செப்டம்பர் வரை செலவாகவும், அக்டோபரிலிருந்து சொத்தின் அடக்கமாகவும் பிரியும்.

இனி உங்கள் எம்.டி.யின் வாதம். கருவி ஜெயித்துவிட்டது, அதற்காக ஆன ஒவ்வொரு காசும் பலன் தந்துவிட்டது, பிறகு ஏன் சொத்தாகாது? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு முறை செலவாக எழுதியதைப் பின்னால் சொத்தின் அடக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று 71-வது பத்தி தெளிவாகத் தடுக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. செலவு ஆன நாளில் நிறுவனத்துக்கு என்ன தெரியும் என்பதை வைத்துத்தான் கணக்கு. மூன்று உணரிகளில் எது தேறும் என்று தெரியாமல் மார்ச்சில் செலவழித்தவர்களிடம் அன்று சொத்து எதுவும் இல்லை. இருந்தது ஒரு கேள்வி. டிசம்பரில் விடை கிடைத்ததால் மார்ச் மாதக் கேள்வி பின்தேதியிட்டுச் சொத்தாகிவிடாது.

“அப்படியானால் சென்ற ஆண்டு தவறாகச் செலவெழுதிவிட்டோம் என்று பிழைத்திருத்தம் செய்வோம்” என்று அடுத்து அவர் கேட்கக்கூடும், பலர் கேட்டிருக்கிறார்கள். ஆறு நிபந்தனைகளும் அப்போதே நிறைவேறி, அதற்கான சான்று அப்போதே கையில் இருந்து, அதை நீங்கள் கவனிக்கத் தவறியிருந்தால் மட்டுமே அது பிழை. பின்னால் வந்த வெற்றி அந்தச் சான்றாகாது. சென்ற ஆண்டு உங்களிடம் மாதிரிக் கருவியே இல்லை.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பழைய காயம் ஒன்று உண்டு. 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் நொடித்துப்போனது. ஆர்பி211 என்ற விமான எஞ்சினை உருவாக்கும் செலவு எல்லை மீறியது வீழ்ச்சிக்குப் பெரிய காரணம். அந்த நிறுவனம் மேம்பாட்டுச் செலவை வருங்காலத்துக்குத் தள்ளி ஐந்தொகையில் சொத்தாகச் சுமந்துவந்தது. 1974-ல் அமெரிக்கா ஆராய்ச்சி, மேம்பாடு இரண்டையுமே ஏறக்குறைய முழுக்கச் செலவாக எழுதச் சொல்லிவிட்டது. மென்பொருளுக்கு மட்டும் தனி விதிகள் பின்னர் வந்தன. 1998-ல் வந்த தரநிலை 38 நடுவழியை எடுத்தது. எனவே அமெரிக்க விதிப்படி கணக்கெழுதும் போட்டி நிறுவனத்தோடு உங்கள் இலாபத்தை ஒப்பிடும்போது எம்.டி. எச்சரிக்கையாக இருக்கட்டும். அவர்களாயிருந்தால் இந்த 56 லட்சத்தில் பெரும்பகுதி செலவுக்கே போயிருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆறு நிபந்தனையும் நிறைவேறிய பிறகு சொத்தாக்குவது உங்கள் விருப்பம் கிடையாது, கட்டாயம். “எதற்கு வம்பு, எல்லாவற்றையும் செலவெழுதிவிடுவோம்” என்பதும் தவறான கணக்குதான். நல்ல இலாபம் வந்த ஆண்டில் சில நிறுவனங்களுக்கு இந்த ஆசை வரும். நிபந்தனை நிறைவேறியதற்கான ஆவணத்தை வேண்டுமென்றே தயாரிக்காமல் விடுவார்கள். வங்கியிடம் கொடுத்த திட்ட அறிக்கையில் வெற்றி நிச்சயம் என்று எழுதிவிட்டு, கணக்கில் மட்டும் சாத்தியம் தெரியவில்லை என்றால், இரண்டு தாளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஆவணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் தணிக்கைக்குப் போன ஓரிடத்தில், தொழில்நுட்பச் சாத்தியம் பற்றிய அழகான அறிக்கையைக் காட்டினார்கள். தேதி ஏப்ரல் 3. உள்ளே ஒரு வரைபடத்தில் ஜூன் மாதச் சோதனையின் எண்கள் இருந்தன. எழுதியவரைக் கேட்டேன். தணிக்கைக்கு முந்தைய வாரம்தான் எழுதச் சொன்னார்கள் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவருக்கு அதில் தவறு இருப்பதாகவே தோன்றவில்லை. அந்த ஒரு தாளால், உண்மையாகவே தகுதியான செலவையும் சேர்த்து எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று. உங்கள் பொறியாளர் ஆகஸ்ட் 14-ல் கையால் எழுதிய குறிப்பு உங்களுக்கு ஆறு வாரச் செலவை இழக்க வைத்ததாகத் தோன்றலாம். செப்டம்பர் 10 என்ற தேதியை ஆடிட்டர் மறுபேச்சின்றி ஏற்பதற்கும் அந்தக் குறிப்பேடுதான் காரணமாக இருக்கப்போகிறது. அடித்தலும் திருத்தலுமாக அப்படியே இருக்கட்டும்.

டிசம்பர் 31-ல் வேலை முடிந்துவிடவில்லை. கருவி இன்னும் பயன்பாட்டுக்குத் தயாராகவில்லை, எனவே 56 லட்சத்தைப் போக்கெழுதத் தொடங்க முடியாது. பயன்பாட்டுக்குத் தயாராகாத புலனாகாச் சொத்துக்கு மதிப்பிறங்கிய அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை மதிப்பிறக்கச் சோதனை செய்தே ஆக வேண்டும். உங்கள் திட்ட அறிக்கையின்படி எதிர்காலப் பணவரவின் இன்றைய மதிப்பு 150 லட்சம். முடிக்க இன்னும் 40 லட்சம் தேவை. அதைக் கழித்தால் மீட்கக்கூடிய தொகை 110. ஏட்டு மதிப்பு 56. பிரச்சினையில்லை.

இந்த 40 லட்சத்தைக் கழிக்க மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பாதியில் நிற்கும் சொத்துக்கு, முடிக்க ஆகும் செலவையும் சேர்த்துத்தான் பணப்போக்கைக் கணக்கிட வேண்டும். உதாரணத்துக்கு, அந்த மூன்று வாடிக்கையாளர்களில் இருவர் பின்வாங்கி, வரவின் மதிப்பு 150-லிருந்து 80-ஆக விழுகிறது என்று வையுங்கள். கழிக்க மறந்தவர் 80-ஐ 56-ஓடு ஒப்பிட்டு நிம்மதியாக இருப்பார். கழித்தவருக்கு 40 லட்சம்தான் மிஞ்சும், 16 லட்சத்தை மதிப்பிறக்க நட்டமாக எழுத வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டு ஆகும் 40 லட்சமும் முழுக்கத் தகுதியானது என்றால் சொத்து 96 லட்சமாகும். கருவி ஏப்ரல் 1-ல் தயாராகி, இந்தத் தலைமுறைக் கருவியின் ஆயுள் 5 ஆண்டு என்று நீங்கள் மதிப்பிட்டால், ஆண்டுக்கு 19.2 லட்சம், முதல் ஆண்டில் ஒன்பது மாதத்துக்கு 14.4 லட்சம் போக்கெழுத வேண்டும். முதல் விற்பனை ஜூலையில்தான் என்றாலும் தொடக்கம் ஏப்ரலே. ‘தயார்’ என்ற நாளுக்கும் ஒரு சான்று வேண்டும். இறுதிச் சோதனைச் சான்றிதழின் தேதியை வைத்துக்கொள்ளலாம். தயாரான பிறகு வரும் சின்னச் சின்னத் திருத்தங்களும் பழுதுநீக்கமும் செலவுதான், அவற்றையும் சொத்தில் சேர்த்துக்கொண்டே போகக் கூடாது.

கணக்குக் குறிப்புகளில், இந்த ஆண்டு செலவாக எழுதிய ஆராய்ச்சி, மேம்பாட்டுத் தொகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 134 என்று போட்டுவிடாதீர்கள். விளம்பரம், பயிற்சி, தலைமை அலுவலகப் பங்கு, வீணான பலகைகள் என்ற அந்த 24 லட்சம் ஆராய்ச்சிச் செலவாகாது. வெளியிட வேண்டியது 110. அந்த 110-க்குள்ளும் பொது நிர்வாகச் செலவு ஏதேனும் கலந்திருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். நேரப் பதிவேடு இல்லாத ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான தொகையை ஒரு முறை சரிபாருங்கள். பணப்போக்கு அறிக்கையில் 56 லட்சத்துக்குரிய ரொக்கம் முதலீட்டுப் பகுதியிலும் மற்றது இயக்கப் பகுதியிலும் வரும். அந்த 56-ல் தேய்மானம் 2 லட்சம் ரொக்கமாகப் போகவில்லை என்பதால் முதலீட்டுப் பகுதியில் அதிகபட்சம் 54 தான் நிற்கும். வங்கி இயக்கப் பணவரவைத்தான் கூர்ந்து பார்க்கும், ஆகவே இந்த 54 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எம்.டி.க்கு முன்பே சொல்லிவையுங்கள். வருமான வரியில் இந்தச் செலவு எப்படிக் கழிக்கப்படும் என்பது அந்தந்த நாட்டு வரிச் சட்டத்தைப் பொறுத்தது. கணக்கில் சொத்தாக்கியதால் வரியிலும் கழிவு தள்ளிப்போகும் என்று தானாக முடிவுகட்ட வேண்டாம்.

ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது நான்கு தாள் போதும்: செப்டம்பர் 10 சூட்டுச் சோதனைப் பக்கம், செப்டம்பர் 20 தீர்மானத்தோடு இணைந்த திட்ட அறிக்கை, செப்டம்பர் 30 வங்கிக் கடிதம், அக்டோபரிலிருந்து நேரப் பதிவேட்டின் சுருக்கம். அடமானப் பதிவுத் தாமதத்தை விளக்கி வங்கியிடமிருந்து இரண்டு வரி எழுதி வாங்க முடிந்தால், அதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.